சம்பளம் நின்னுபோச்சு, கையில 66 லட்சம் இருக்கு, ஆனா மாசம் எவ்ளோ எடுக்கலாம்னு தெரியல

கேள்வி: சார், நான் கோயமுத்தூர்ல ஒரு தனியார் மில் மெஷினரி கம்பெனில வேலை பாத்து செப்டம்பர்ல ரிட்டையர் ஆனேன், வயசு 60. மாசம் 72,000 கைக்கு வந்துட்டு இருந்துச்சு. பிஎஃப், கிராஜுவிட்டி, லீவ் சம்பளம் எல்லாம் சேந்து இப்ப சேவிங்ஸ் கணக்குல 66 லட்சம் இருக்கு, பழைய எஃப்டி 8 லட்சம் தனியா இருக்கு. ஈபிஎஸ் பென்ஷன் 4,100, மாடி வீட்டு வாடகை 9,000. சொந்த வீடு, கடன் இல்ல. மனைவிக்கு 57, வேலைக்கு போகல. ரெண்டு மாசத்துல 1.9 லட்சம் எடுத்துட்டேன், எதுக்குன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. ஒவ்வொரு தடவ ஏடிஎம் போகும்போதும் பயமா இருக்கு. சம்பளம் மாதிரி மாசாமாசம் வர்ற மாதிரி பண்ண முடியுமா? கையில ரொக்கமா எவ்ளோ வெச்சுக்கணும்? பையன் பெங்களூர்ல ஃப்ளாட் வாங்க 10 லட்சம் கேக்கறான், குடுக்கலாமா?

பதில்: சார், முதல்ல அந்த 1.9 லட்சத்த பத்தி பேசிடலாம், ஏன்னா உங்க பயம் அங்கதான் இருக்கு. 72,000 சம்பளம் வாங்குனப்ப உங்களுக்கு ஒரு வரம்பு தானா இருந்துச்சு, 25 தேதிக்கு மேல கை இறுக்கமாகும், ஒண்ணாம் தேதி சரியாகும், நீங்க பட்ஜெட்னு எழுதாமலே சம்பளமே பட்ஜெட்டா இருந்துச்சு. இப்ப 66 லட்சம் இருக்கற கணக்குல இருந்து 5,000 எடுத்தா எதுவும் கொறஞ்ச மாதிரி தெரியாது, அப்புறம் பாஸ்புக் பாத்தா திக்குனு இருக்கும். செலவாளி ஆயிட்டீங்கன்னு அர்த்தம் இல்ல. அந்த வரம்ப நாம மறுபடி கையால கட்டணும், அவ்ளோதான் வேலை.

இன்னொரு விஷயம், ரிட்டையர்மெண்ட் பணம் சம்பளம் மாதிரி ஒரே தேதில ஒரே தொகையா வராது. பென்ஷன் மாசக் கடைசில வரும், வாடகை 5 தேதி 7 தேதின்னு வரும், சீனியர் சிட்டிசன் ஸ்கீம் வட்டி மூணு மாசத்துக்கு ஒருக்கா வரும், எஃப்டி முதிர்றது அது பாட்டுக்கு ஒரு தேதில வரும். செலவு அப்படி இல்ல, பால்காரர் மாசாமாசம் கேப்பாரு. நம்ம ஊர்ல கார்ப்பரேஷன் தண்ணி என்னிக்கோ ஒரு நாள் வந்து கீழ சம்ப்ல விழுந்தாலும் மேல் தொட்டில இருந்து தெனமும் குழாய்ல வருதுல்ல, அதே ஏற்பாடுதான் பணத்துக்கும் பண்ணப்போறோம். கீழ ஒரு கணக்கு, எல்லா வரவும் அதுல விழும். அங்கேர்ந்து ஒண்ணாம் தேதி ஒரே தொகை வீட்டுக் கணக்குக்கு ஏறும்.

அதுக்கு முன்னாடி செலவு எவ்ளோன்னு தெரியணும். நீங்க எழுதல, அதனால உங்கள மாதிரி ரெண்டு பேர் சொந்த வீட்டுல இருக்கற குடும்பத்துக்கு நான் வழக்கமா பாக்கற அளவு ஒண்ண வெச்சு போடறேன், உங்க நம்பர அதுல மாத்திக்கங்க. மளிகை, காய்கறி, பால், கேஸ், மாத்திரை, போன், பெட்ரோல், வேலைக்காரம்மா சம்பளம், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற ஈபி பில்ல பாதியாக்கி, எல்லாம் சேத்து மாசம் 30,000. இது எல்லாரும் சரியாத்தான் சொல்வாங்க. விட்டுப்போறது வருஷச் செலவு. மெடிக்கல் பாலிசி 42,000, வீட்டு வரி தண்ணி வரி 6,000, வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 10,000, தீபாவளியும் பொங்கலும் 26,000, கல்யாணம் காதுகுத்து மொய் சீர் 24,000, மோட்டார் ரிப்பேர் வெள்ளையடிப்புன்னு 12,000. கூட்டிப் பாருங்க, 1,20,000 வருது, அதாவது மாசம் 10,000. ரெண்டையும் சேத்தா 40,000. உங்க 1.9 லட்சத்துல தீபாவளி எவ்ளோ, பாலிசி எவ்ளோன்னு பிரிச்சுப் பாத்தீங்கன்னா பாதிக்கு பதில் கிடைச்சிடும்னு நினைக்கிறேன், ஏன்னா கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் வேலையோட போயிடும், புதுசா பாலிசி எடுத்திருப்பீங்க. இன்னும் எடுக்கலைன்னா இத படிச்சு முடிச்சதும் மொத வேலையா அத எடுங்க.

இப்ப வரவு பக்கம். சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்ல ஒருத்தர் பேர்ல 30 லட்சம் வரைக்கும் போடலாம், 2023 ஏப்ரல்ல இருந்து அந்த வரம்பு. வட்டி 8.2 சதவீதம், போடற அன்னிக்கு என்ன வட்டியோ அது அஞ்சு வருஷத்துக்கு மாறாது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாசம் முதல் வேலை நாள்ல 61,500 ரூபா வரும், மாசக் கணக்குல பாத்தா 20,500. போஸ்ட் ஆபீஸ் மந்த்லி இன்கம் ஸ்கீம்ல நீங்களும் வீட்டம்மாவும் ஜாயிண்ட்டா 15 லட்சம் போடலாம், இன்னிக்கு வட்டி 7.4 சதவீதம், மாசம் 9,250. இது கூட பென்ஷன் 4,100, வாடகை 9,000. ஆக மாசாமாசம் வர்றது 22,350, மூணு மாசத்துக்கு ஒருக்கா வர்றது 61,500. சராசரியா மாசம் 42,850. தேவை 40,000. முதல் வருஷம் 2,850 மிஞ்சுது.

கணக்கு சரியா வருதேன்னு இங்கயே நிறுத்திடறவங்கதான் ஜாஸ்தி, ஆறு மாசம் கழிச்சு எஃப்டிய உடைச்சுட்டு வந்து நிப்பாங்க. சராசரில சரியா இருக்கறது தேதில சரியா இருக்காது. ஜனவரில வட்டி வந்தப்புறம் வரவுக் கணக்குல 1,00,000 இருக்குன்னு வைங்க. அந்த மாசம் 40,000 வெளிய போகுது, 22,350 உள்ள வருது, மிச்சம் 82,350. பிப்ரவரி முடிவுல 64,700. மார்ச் முடிவுல 47,050. ஏப்ரல்ல 61,500 விழுந்ததும் 1,08,550. பாத்தீங்களா, எந்த தப்பும் நடக்காத ஒரு காலாண்டுலயே பேலன்ஸ் 53,000 இறங்கி ஏறுது. இது புரியாம மார்ச் மாசம் பாஸ்புக்க பாத்தா பணம் கரையுதுன்னுதான் தோணும், ஏப்ரல்ல பாத்தா பணம் நெறய இருக்குன்னு தோணும், ரெண்டுமே பொய்.

பஃபர்னு நான் சொல்றது இந்த இறக்கத்த தாங்கறதுக்கும் இன்னும் மூணு விஷயத்துக்கும் வெக்கற ரொக்கம். ஆறு மாசச் செலவு ஒரு வருஷச் செலவுன்னு பொதுவா சொல்வாங்க, அத அப்படியே எடுத்துக்காம உங்க வீட்டுக்கு எது எது வரலாம்னு எழுதி கூட்டணும். உங்களுக்கு நான் இப்படி கூட்டறேன். மொதல்ல இந்த தேதி இடைவெளிக்கு 55,000.

ரெண்டாவது, வரவு நின்னு போற சமயம். ஈபிஎஸ் பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் குடுத்த தேதில இருந்து ஒரு வருஷம்தான் செல்லும், மறந்தா பென்ஷன் நிக்கும். ஸ்கீம் முதிர்ற அன்னிக்கு பேப்பர்ல ஒரு கையெழுத்து மாறி வாரக் கணக்குல இழுக்கும். நான் சொல்ல கஷ்டமா இருந்தாலும் சொல்றேன், உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க பேர்ல மட்டும் இருக்கற பணம் நாமினி க்ளெய்ம் முடியற வரைக்கும் வீட்டம்மா கைக்கு வராது. அதுக்காகத்தான் இந்த பகுதிய பெருசா வெக்கறேன், ஆறு மாசச் செலவு, 2,40,000.

மூணாவது ஆஸ்பத்திரி. கேஷ்லெஸ் பாலிசி இருந்தாலும் அட்மிஷன் கவுண்டர்ல அட்வான்ஸ் கட்டச் சொல்வாங்க, அப்ரூவல் வர்ற வரைக்கும் நம்ம கார்டுதான் தேயும், டிஸ்சார்ஜ் அன்னிக்கு கிளவுஸ், டயப்பர், ஃபைல் சார்ஜ்னு பாலிசில வராததெல்லாம் ஒரு தனி பில்லா நீளும், புதுப் பாலிசின்னா சில வியாதிக்கு காத்திருப்பு காலமும் உண்டு. அதுக்கு 2,00,000. கடைசியா வாடகைக்காரர் குடுத்த அட்வான்ஸ். நீங்க எழுதல, ஆனா வாங்கியிருப்பீங்க, 50,000னு வெச்சுக்கறேன். அது உங்க பணம் இல்ல, அவர் காலி பண்ற அன்னிக்கு ரொக்கமா குடுக்கணும், அதே மாசம் வாடகையும் நிக்கும். இந்த அட்வான்ஸ வீடு கட்டுனவங்க முக்காவாசிப் பேர் என்னிக்கோ செலவு பண்ணியிருப்பாங்க, சம்பளம் இருந்தப்ப அது வலிக்கல, இப்ப வலிக்கும்.

மொத்தம் 5,45,000 வருது. 6 லட்சம்னு வெச்சுக்கங்க. உங்க வீட்டுல யாருக்காவது தொடர்ந்து சிகிச்சை நடக்குதுன்னா இன்னும் ஒரு லட்சம் ஏத்துங்க. அதுக்கு மேல ரொக்கமா வெக்க வேண்டாம், சேவிங்ஸ் வட்டி ரொம்ப கம்மி, விலைவாசி அத தின்னுடும்.

இந்த 6 லட்சத்த எங்க வெக்கறதுன்னா, 1 லட்சம் அந்த வரவுக் கணக்குலயே. 2 லட்சம் அதே பேங்க்ல ஆட்டோ ஸ்வீப் எஃப்டி, கணக்குல கொறஞ்சா அதுவே தேவையான அளவு உடைஞ்சு வரும், நீங்க எதுவும் பண்ண வேண்டாம். மீதி 3 லட்சம் வேற ஒரு பேங்க்ல, ஒரே ரசீதா போடாம 1 லட்சமா மூணு எஃப்டி. ஏன்னா 80,000 வேணும்னா ஒண்ண மட்டும் உடைக்கலாம், பாக்கி ரெண்டுக்கும் வட்டி பாதிக்காது. எல்லாமே வீட்டம்மாவோட ஜாயிண்ட், ரெண்டு பேர்ல யாரு வேணா எடுக்கலாம், ஒருத்தர் இல்லன்னாலும் மத்தவர் எடுக்கலாம்ங்கற ஐதர் ஆர் சர்வைவர்னு இருக்கணும், இது கண்டிப்பு. குறுகிய காலத்துக்கு பணம் போட்டு வெக்கற மியூச்சுவல் ஃபண்டான லிக்விட் ஃபண்ட்ல வெக்கலாமான்னு கேப்பீங்க, வெக்கலாம், இன்னிக்கு கேட்டா வழக்கமா அடுத்த வேலை நாள் கணக்குக்கு வரும், ஆனா வீட்டம்மாவுக்கு அத போன்ல எடுக்கத் தெரியுமான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, தெரியாதுன்னா எஃப்டியே போதும்.

பஃபர் இல்லாம 45 லட்சத்தையும் ஸ்கீம்ல போட்டா என்ன ஆகும்னா, அவசரத்துக்கு சீனியர் சிட்டிசன் கணக்க உடைக்க வேண்டி வரும். ஒரு வருஷத்துக்குள்ள மூடுனா வாங்குன வட்டிய அசல்ல பிடிச்சுக்குவாங்க, ஒரு வருஷத்துக்கு மேல ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா அசல்ல 1.5 சதவீதம் போகும், 30 லட்சத்துக்கு 45,000. போஸ்ட் ஆபீஸ் மந்த்லி ஸ்கீம முதல் வருஷம் மூடவே முடியாது. 80,000 தேவைக்காக 45,000 இழக்கறத நினைச்சுப் பாருங்க.

இப்ப மாசாமாசம் போற ஏற்பாடு. மூணு கணக்கு வேணும். ஒண்ணு வரவுக் கணக்கு, பென்ஷன், வாடகை, ரெண்டு ஸ்கீம் வட்டி எல்லாம் இதுல விழணும். போஸ்ட் ஆபீஸ் வட்டி அங்கயே இருக்கற சேவிங்ஸ்ல ஏறும், கணக்கு ஆரம்பிக்கும்போதே பேங்க்குக்கு போற மாதிரி ஈசிஎஸ் எழுதிக் குடுத்துடுங்க, இல்லன்னா மாசாமாசம் நீங்க போய் எடுக்கணும், எடுக்காம விட்ட வட்டிக்கு அந்த ஸ்கீம்ல மேல் வட்டி கிடையாது. இந்த வரவுக் கணக்குக்கு யூபிஐ வேண்டாம், ஏடிஎம் கார்ட பீரோல வெச்சுடுங்க. பெரிய தொகை இருக்கற கணக்க போன்ல இருக்கற பேமெண்ட் ஆப்போட இணைக்காம இருந்தா ஓடிபி கேட்டு ஏமாத்தறவன் வந்தாலும் அவன் கைக்கு எட்டறது வீட்டுக் கணக்குல இருக்கறது மட்டும்தான்.

ரெண்டாவது வீட்டுக் கணக்கு. ஒண்ணாம் தேதி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்ல 30,000 இதுக்கு வரும், யூபிஐ, கார்டு எல்லாம் இதுல மட்டும். இதுதான் உங்க புது சம்பளம். வீட்டம்மா கையிலயும் இதே கணக்கோட கார்டு ஒண்ணு இருக்கட்டும், இத்தன வருஷம் குடும்பத்த நடத்துனது அவங்கதான், இந்த மாசம் எவ்ளோ இருக்குன்னு உங்ககிட்ட கேட்டு நிக்க வெக்காதீங்க. மாசக் கடைசில மிஞ்சினா அங்கயே இருக்கட்டும். முடிஞ்சுபோச்சுன்னா ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுக்கணும், சம்பளம் இருந்தப்ப பொறுத்த மாதிரியே. இந்த ஒரு விதிய விட்டுக் குடுத்தீங்கன்னா மத்தது எல்லாம் வீண்.

மூணாவது வருஷச் செலவு கணக்கு, மாசம் 10,000 அதே ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்ல போகும். இதுல ஒரு சின்ன சிக்கல், நீங்க நவம்பர்ல ஆரம்பிச்சா பொங்கல் ஜனவரில வருது, பாலிசி பிரீமியம் அடுத்த பிப்ரவரியோ மார்ச்சோ விழுந்தா கணக்குல 30, 40 ஆயிரம்தான் இருக்கும், 42,000 இருக்காது. அதனால ஆரம்பத்துலயே 40,000 போட்டு ஆரம்பிங்க, அப்புறம் அது தானா ஓடிக்கும். கல்யாண சீசன்ல மொய் எழுதறதும் இந்தக் கணக்குல இருந்துதான். இது ஒரு பக்கம் நல்லது, ஆவணில நாலு பத்திரிகை ஒண்ணா வந்தா எவ்ளோ எழுதறதுன்னு கணக்கே சொல்லிடும்.

ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசம் வரவுக் கணக்கு வேகமா இறங்கும், பதறாதீங்க. நவம்பர் 10 தேதி 30 லட்சம் போட்டா ஜனவரில முழு 61,500 வராது, போட்ட நாள்ல இருந்து டிசம்பர் கடைசி வரைக்குமான வட்டி மட்டும், சுமார் 35,000 வரும். போஸ்ட் ஆபீஸ் வட்டியும் ஒரு மாசம் முடிஞ்சுதான் ஆரம்பிக்கும். அதனால 1 லட்சத்தோட ஆரம்பிச்ச கணக்கு ஜனவரி வட்டிக்கு அப்புறம் 90,000 சொச்சத்துல நிக்கும். ஸ்வீப்ல இருந்து 10,000 எடுத்து மறுபடி 1 லட்சமாக்கிட்டு அங்கேர்ந்து கணக்க தொடங்குங்க.

அதுக்கப்புறம் தெனமும் பேலன்ஸ் பாக்க வேண்டாம். வருஷத்துக்கு நாலு தடவ பாருங்க, சீனியர் சிட்டிசன் வட்டி ஏறின மறுநாள், ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி. அன்னிக்கு வரவுக் கணக்கு, ஸ்வீப், மூணு எஃப்டி எல்லாத்தையும் கூட்டி ஒரு டைரில எழுதுங்க. முதல் வருஷம் எஃப்டி வட்டிய விட்டுட்டு பாத்தாலே ஒவ்வொரு தடவையும் 8,550 ஏறியிருக்கணும். ஏறலைன்னா ரெண்டே காரணம்தான், ஒரு வரவு வராம நின்னிருக்கு, இல்ல ஒண்ணாம் தேதி தொகைக்கு மேல எடுத்திருக்கீங்க. பாஸ்புக்ல மூணு மாச என்ட்ரிய பென்சிலால டிக் பண்ணிட்டு வந்தா பத்து நிமிஷத்துல எதுன்னு தெரிஞ்சிடும். ஆஸ்பத்திரிக்கு எடுத்ததுன்னா அது பஃபரோட வேலை, வருத்தப்பட வேண்டாம், மிஞ்சற பணத்துலயும் எஃப்டி வட்டிலயும் மெதுவா நிரப்புங்க. ஆனா எந்த பெரிய காரணமும் இல்லாம ரெண்டு காலாண்டு தொடர்ந்து இறங்குச்சுன்னா வீட்டுக்கு போற 30,000த்த 28,000 ஆக்கணும், பஃபர தொட்டு சமாளிக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவ, ஏப்ரல்ல மட்டும், விலைவாசிய பாத்து தொகைய ஏத்துங்க, 30,000த்த 31,500 ஆக்கலாம். நடுவுல ஏத்தாதீங்க.

இப்ப பையனோட 10 லட்சம். 74ல ஸ்கீம்ல 45, பஃபர் 6, ஆரம்பத்துக்கு 40,000 போனா மிச்சம் ஏறக்குறைய 22 அரை லட்சம். பாக்க உபரி மாதிரி இருக்கு, ஆனா அது உபரி இல்ல சார். உங்க 42,850ல வாடகைய தவிர எதுவும் ஏறாது. ஸ்கீம் வட்டி அஞ்சு வருஷம் அதே 61,500, பென்ஷனும் அதே 4,100. செலவு வருஷம் 6 சதவீதம் ஏறுதுன்னு வெச்சா ரெண்டாவது வருஷம் 42,400, மூணாவது வருஷம் 44,900, அஞ்சாவது வருஷம் 50,500. மூணாவது வருஷத்துல இருந்தே துண்டு விழ ஆரம்பிக்கும், பத்தாவது வருஷம் மாசம் 67,600 வேணும், அப்ப உங்களுக்கு 69தான் ஆகியிருக்கும், வீட்டம்மாவுக்கு 66. அந்தத் துண்டு எல்லாம் இந்த 22 அரை லட்சத்துல இருந்துதான் வரணும். அதுல 10 போனா பாதி போச்சு.

குடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல, உங்க பையன், உங்க முடிவு. ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க, நாலு காலாண்டு கணக்கு எழுதின டைரி கையில இருக்கும், 40,000ல உண்மையிலேயே குடும்பம் ஓடுதான்னு அப்ப தெரியும். குடுக்கும்போது திரும்பி வராதுன்னு நினைச்சு கணக்கு போட்டு, வந்தா சந்தோஷம்னு குடுங்க, 10 இல்லாம 4 குடுத்தா கூட டவுன் பேமெண்ட்டுக்கு பெரிய உதவிதான். பஃபர்ல இருந்து மட்டும் ஒரு ரூபா போகக் கூடாது. அப்பா கையில 66 லட்சம் இருக்குன்னு பையனுக்கு தெரியும், அதுல மாசத்துக்கு எவ்ளோ வருதுன்னு தெரியாது, இந்த கணக்கு பேப்பர அவன்கிட்டயே காட்டுங்க, பெரும்பாலும் பசங்க புரிஞ்சுக்குவாங்க.

அந்த மிச்சப் பணத்துல 15 லட்சத்த மூணு வருஷ எஃப்டில போடுங்க, ஒரே பேங்க்ல இல்லாம மூணு பேங்க்ல, ஏன்னா டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு வட்டியோட சேத்து 5 லட்சம்தான். ஒவ்வொண்ணுலயும் 5 லட்சம் போட்டா வட்டி மட்டும் அந்த வரம்புக்கு வெளிய நிக்கும், அது வேண்டாம்னா நாலா பிரிச்சுக்கங்க. இப்ப 66 லட்சமும் ஒரே சேவிங்ஸ்ல கிடக்கறது அதனாலயே நல்லதில்ல. மூணு வருஷம் ஏன்னா அப்ப வீட்டம்மாவுக்கு 60 ஆகும், அவங்க பேர்ல ஒரு சீனியர் சிட்டிசன் கணக்கு திறக்கலாம், உங்க துண்டு விழ ஆரம்பிக்கற அதே சமயத்துல புது வட்டி வர ஆரம்பிக்கும். வருமான வரில அந்த வட்டி உங்க வருமானத்தோடதான் சேரும், பணம் உங்களோடதுங்கறதால, அத ஞாபகம் வெச்சுக்கங்க. மீதி ஏழரை லட்சம் ஏழெட்டு வருஷம் தொடாம விட முடியும்னா பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஹைப்ரிட் ஃபண்ட் மாதிரி வளர்ற இடத்துல போடலாம், முடியாதுன்னா அதையும் எஃப்டில போடுங்க, தூக்கம் கெடக்கூடாது.

கடைசியா டிடிஎஸ், இது மாச ஏற்பாட்டையே குலைச்சு விடும். சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல உங்க வருஷ வட்டி 2,46,000, ஒரு லட்சத்த தாண்டறதால 10 சதவீதம் பிடிப்பாங்க. உங்க மொத்த வருமானம் புது வரி முறைல 12 லட்சத்துக்கு கீழ வர்றதால வரி இருக்காது, அப்ப நம்ம எல்லாரும் 15எச்னு சொல்ற அந்த உறுதிமொழி படிவத்த குடுத்துட்டா பிடிக்க மாட்டாங்க. இந்த வருஷத்துக்கு மட்டும் ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் வாங்குன சம்பளத்தையும் சேத்துப் பாத்துட்டு குடுங்க. படிவம் ஒரு தடவ குடுத்தா ஆயுசுக்கும் செல்லாது, ஒவ்வொரு நிதியாண்டு ஆரம்பத்துலயும் புதுசா குடுக்கணும், பேங்க் வேற எஃப்டி வேறன்னா அங்கயும் தனித்தனியா. ஏப்ரல்லயோ ஜூலைலயோ 61,500 வர வேண்டிய இடத்துல 55,350 வந்திருந்துச்சுன்னா படிவம் ஏறலைன்னு அர்த்தம், உடனே பிராஞ்சுக்கு போய் கேளுங்க, பிடிச்ச 6,150 ரிட்டர்ன் போட்டாத்தான் திரும்ப வரும்.